பூட்டியது மொழியை, சிக்கிக்கொண்டது ஆட்கள்

எங்கள் நிறுவனம் மதுரை மாட்டுத்தாவணிப் பக்கம் இருக்கிறது. ஷார்ஜாவில் குளிரூட்டிப் பராமரிப்பு வேலை எடுத்துச் செய்கிறோம். அங்கே இருக்கும் 38 பேரில் பெரும்பாலோர் மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்து ஆட்கள். அவர்கள் அனுப்பும் வேலை அறிக்கைகளில் 'கசிவு' என்று தேடினால் பாதிதான் கிடைக்கும். மீதிப் பேர் அதே சொல்லை ஆங்கில எழுத்தில் தட்டியிருப்பார்கள். எல்லாப் போன்களிலும் தமிழ் மொழி, ஒரே தமிழ்99 விசைப்பலகை என்று முடிவு செய்து, போன்களைத் தொலைவிலிருந்தே கட்டுப்படுத்தும் மேலாண்மைப் பலகை வழியாக அதை நடத்தும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள்.

போன்களைப் பதிவு செய்வது எளிதாகவே முடிந்தது. முதல் வரவேற்புத் திரையை ஆறு முறை தட்டி, க்யூஆர் குறியைக் காட்டினால் போதும். அதன் பிறகு 'மொழி மாற்றத் தடை' என்ற கட்டத்தை டிக் செய்தேன். ஆண்ட்ராய்டில் அதன் பெயர் `no_config_locale`; ஆண்ட்ராய்டு 9 முதல் இருக்கிறது. பலகையிலிருந்து போன்களுக்கு அனுப்பும் இப்படிப்பட்ட கட்டுப்பாட்டைக் கொள்கை என்பார்கள். பலகையில் எல்லாமே பச்சையாக வந்ததும் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலையிலேயே தொலைபேசி அழைப்புகள் தொடங்கிவிட்டன. அந்தத் தடை மொழியை மாற்ற விடாமல் தடுக்குமே தவிர, எந்த மொழியையும் வைக்காது. பூட்டும்போது என்ன மொழி இருந்ததோ, அதுவே உறைந்துபோகும். பெரும்பாலான போன்கள் ஆங்கிலத்தில் நின்றன, மூன்று அரபியில். அந்தப் பலகையை வழங்கும் சேவை நிறுவனத்தின் உதவி எண்ணை அழைத்தால், "கொள்கை சரியாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது சார்" என்று அந்தப் பச்சைக் குறியையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். போய்ச் சேர்ந்ததால்தானே தொல்லை!

மொழியை வைக்க வேண்டிய இடம் க்யூஆர் குறிக்குள் இருக்கிறது:

```
"android.app.extra.PROVISIONING_LOCALE": "ta_IN",
"android.app.extra.PROVISIONING_TIME_ZONE": "Asia/Dubai"
```

போனை முதன்முதலாக அமைக்கும்போது மட்டும்தான் இது படிக்கப்படும். ஏற்கெனவே பதிவான போனுக்கு வேண்டுமென்றால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். வேலை நடுவில் அதைச் செய்ய முடியாது. ஆகவே தடையை நீக்கி, ஆட்களைக் கொண்டே மொழியை மாற்றச் சொல்லி, மறுபடி பூட்டினேன். அரபிப் போன்களுக்கு ஒரு வழி கண்டோம். அதே மாடல் போன் ஒன்றைத் தமிழில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எத்தனையாவது வரி என்று எண்ணிப் போகச் சொன்னேன். இடம் வலம் மாறியிருந்தாலும் வரிசை மாறாது. மொழிப் பட்டியலை எட்டிவிட்டால் அங்கே 'தமிழ்' என்று தமிழிலேயே எழுதியிருக்கும்.

விசைப்பலகையில்தான் பெரிய அடி விழுந்தது. அனுமதிப் பட்டியலில் தமிழ்99 செயலியை மட்டும் வைத்தேன். ஆனால் போனோடு வந்த விசைப்பலகையை அந்தப் பட்டியலால் விலக்க முடியாது. அது எப்போதும் இருக்கும். அதனால் அதைச் செயலி என்ற முறையில் முடக்கிவிட்டேன். அலுவலகத்தில் வைத்துச் சோதித்த போன் இரண்டு நாள் நன்றாக ஓடியது. ஒரு முறைகூட அதை அணைத்துப் போட்டுப் பார்க்கவில்லை. அதுதான் நான் செய்த தவறு.

ஒரு வெள்ளிக்கிழமை மேலூர்க்காரர் ஒருவர் அங்கே மேற்பார்வையாளரின் போனிலிருந்து அழைத்தார். "அண்ணே, அணைத்துப் போட்டேன். கடவுச்சொல் கேட்கிறது, எழுத்துப் பலகையே வரவில்லை." போன் மீண்டும் தொடங்கி, முதல் முறை திறக்கப்படும் வரை எல்லாச் செயலிகளும் இயங்காது. அந்த நிலையிலும் இயங்கும்படி எழுதப்பட்டவை மட்டுமே வரும். எங்கள் தமிழ்99 செயலி அப்படி எழுதப்படவில்லை. எழுதப்பட்டிருந்த ஒன்றை நானே முடக்கியிருந்தேன். மாலைக்குள் இன்னும் நான்கு பேர் மாட்டிக்கொண்டார்கள். திறக்காத அந்தப் போன்களுக்குப் பலகையிலிருந்து அனுப்பிய திருத்தமும் போய்ச் சேரவில்லை. உதவி எண்ணில் கேட்டால், "அழித்துவிடுங்கள்" என்றார்கள். அனுப்பாத அறிக்கைகளும் படங்களும் உள்ளே இருக்கும்போது எப்படி அழிப்பது?

கடைசியில் கை கொடுத்தது அங்கே தள அலுவலகக் கணினியின் யூஎஸ்பி விசைப்பலகை. ஓடிஜி இணைப்பான் ஒன்றை வாங்கி அதைப் போனில் செருகச் சொன்னேன். கடவுச்சொல்லைத் தட்டியதும் திறந்துகொண்டது! திறந்த கையோடு திருத்தமும் வந்து சேர, பழைய விசைப்பலகை உயிர்பெற்றது. ஐந்து போன்களையும் அப்படியே மீட்டோம். ஒரு படம்கூடப் போகவில்லை.

இப்போது போனோடு வந்த விசைப்பலகையைத் தொடுவதில்லை. அதிலும் தமிழைச் சேர்த்துவைத்துவிட்டேன். யாராவது அதற்கு மாறினாலும் தமிழில் தட்டலாம். எழுத்துக் கடவுச்சொல்லை எடுத்துவிட்டு 6 இலக்க எண்ணை வைத்தோம். எண் பூட்டுக்குத் திரையே தன் எண்பலகையைக் காட்டும், விசைப்பலகைச் செயலி தேவையில்லை. எந்தக் கொள்கையை அனுப்பினாலும் முதலில் ஒரே ஒரு போனுக்கு அனுப்பி, அதை அணைத்துப் போட்டு, பூட்டைத் திறந்து பார்த்த பிறகே மற்ற 37 போன்களுக்கு அனுப்புகிறேன். ஓடிஜி இணைப்பான் இரண்டு, ஷார்ஜா தள அலுவலக மேசையிலேயே கிடக்கின்றன.