வற் உட்பட்ட விலையைக் காட்டப்போய் நான் பட்ட பாடு

மட்டக்களப்பில் வீட்டுப் பாவனைப் பொருட்கள் விற்கும் எங்கள் கடைக்கு வூகொமர்ஸ் என்ற மென்பொருளில் இணையக் கடை அமைத்துத் தந்த தம்பி, வரிப் பகுதியை ஐந்து நிமிட வேலை என்றார். அந்த ஐந்து நிமிடத்தால் வந்த நட்டத்தை இன்னும் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

தொடக்கத்தில் ரைஸ் குக்கரின் விலை 10,000 ரூபாய் என்றிருக்கும். பணம் செலுத்தும் பக்கத்துக்குப் போனதும் 18 வீத வற் சேர்ந்து 11,800 ஆகிவிடும். பாதிப் பேர் அந்த இடத்திலேயே கூடையை விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். வரி உட்பட்ட விலையையே காட்டச் சொன்னேன். தம்பி “Prices entered with tax” என்பதை “Yes” ஆக்கி, கடைப் பக்கத்திலும் பணம் செலுத்தும் பக்கத்திலும் காட்டும் விலைகள் இரண்டையும் “Including tax” ஆக்கிவிட்டுப் போய்விட்டார். அந்தத் தெரிவு ஏற்கெனவே பதிந்திருக்கும் விலைகளைத் தொடாது என்பதை அவர் கவனிக்கவில்லை. குக்கர் 10,000 ஆகவே நின்றது; அதற்குள்ளேயே வரியும் அடக்கம் என்று கணினி எடுத்துக்கொண்டது. அதாவது 1,525 ரூபாய் 42 சதம் என் கையிலிருந்து போகிறது. பொருட்பட்டியலை சிஎஸ்வி கோப்பாக இறக்கி, எல்லா விலைகளையும் 1.18 ஆல் பெருக்கி மீண்டும் ஏற்றிய பிறகுதான் அது சரியானது.

அடுத்தது விநியோகக் கட்டணம். முகநூலில் 500 ரூபாய் என்று விளம்பரம் செய்திருந்தோம். பொருளின் விலை வரியோடு பதியப்பட்டாலும், வூகொமர்ஸ் விநியோகக் கட்டணத்தை எப்போதும் வரியில்லாத தொகையாகவே எடுத்துக்கொள்ளும். எனவே 500 என்று பதிந்தது 590 ஆனது. கல்முனையில் பார்சலை வாங்கிய அக்கா ஒருவர், 12,300க்குப் பதில் 12,390 கேட்ட கூரியர்காரரை வாசலில் நிறுத்திவைத்துக்கொண்டே எனக்குப் போன் எடுத்தார். அவர் கேட்டது நியாயம். 90 ரூபாயை அடுத்த நாளே திருப்பி அனுப்பினேன். இப்போது அந்தக் கட்டத்தில் 423.73 என்று பதிந்திருக்கிறேன். வாடிக்கையாளருக்குச் சரியாக 500 தெரிகிறது. சதம் எதற்கு என்று 423 ஆக்கினால் 499.14 என்று அசிங்கமாக நிற்கும்.

இவை வாடிக்கையாளர் சண்டை பிடித்ததால் தெரியவந்தவை. யாரும் சண்டை பிடிக்காத பிழைதான் அதிகம் தின்றது. எங்கள் ஓடர்களில் கணிசமானவை லண்டனிலும் டொரன்டோவிலும் இருக்கும் பிள்ளைகள் ஊரிலுள்ள தாய் தகப்பனுக்கு வாங்கி அனுப்புபவை. “Calculate tax based on” என்ற இடத்தில் தம்பி “Customer billing address” என்று போட்டிருந்தார். வாங்குபவர் லண்டன் முகவரியை எழுதியதும், இந்த ஆள் இலங்கைக்கு வெளியே என்று கணினி தீர்மானித்து 11,800 இலிருந்து வரியைக் கழற்றி 10,000 ஆக்கிவிடும். குக்கரோ களுவாஞ்சிகுடியில் ஒரு வீட்டில் இறங்குகிறது. விற்பனை உள்நாட்டில் நடந்தது. வற் கட்ட வேண்டியவன் நான். விலை குறைந்ததென்று யார் போன் எடுப்பார்? காலாண்டுக் கணக்கு முடிக்கும்போது எங்கள் கணக்காளர் ஐயாதான், “இந்தப் பற்றுச்சீட்டுகளில் வரி நிரல் ஏன் வெறுமையாக இருக்கிறது?” என்று கேட்டார்.

“Customer shipping address” என்று மாற்றியதும் தீர்ந்தது. பார்சலே லண்டனுக்குப் போனால் அது ஏற்றுமதி; வரி பூச்சியம், விலை குறைவதும் சரி. உங்கள் கடையில் எப்படி என்று அறிய, கட்டண முகவரியை வெளிநாடாகவும் விநியோக முகவரியை மட்டக்களப்பாகவும் கொடுத்து ஒரு சோதனை ஓடர் போட்டுப் பாருங்கள். கடைப் பக்கத்து விலையும் கடைசிப் பக்கத்து விலையும் ஒன்றாக நிற்க வேண்டும்.

மொத்தத் தொகைக்கு அருகே வரும் வரி விளக்கத்தையும் பாருங்கள். எங்களுடையதில் விநியோகத்தோடு சேர்ந்த 12,300க்கு அருகே “Tax” என்று மட்டும் இருந்ததால், “1,876 ரூபாய் இன்னும் மேலே வருமா?” என்று கேட்டார்கள். வரி வீத அட்டவணையில் “Tax name” என்ற கட்டத்தில் “வற் 18%” என்று எழுதினேன். “இந்தத் தொகைக்குள் வற் அடங்கியுள்ளது, மேலதிகமாக எதுவும் அறவிடப்படாது” என்று ஒரு வாசகத்தைப் பணம் செலுத்தும் பொத்தானுக்கு மேல் வைத்தேன். தொகையை நீங்களாகக் கணக்கிட்டு எழுதுவதானால் 11,800 இல் 18 வீதம் எடுத்து 2,124 என்று போட்டுவிடாதீர்கள். 118 ஆல் வகுத்து 18 ஆல் பெருக்கினால்தான் 1,800 வரும். வற்றுக்குப் பதிவு செய்யாத கடைக்கு இந்த வாசகத்தை எழுதவே உரிமை இல்லை.

பழைய லண்டன் ஓடர்களுக்கு வரியைக் கடையிலிருந்தே கட்டினோம். விசயத்தைக் கேள்விப்பட்ட ஒரு வாடிக்கையாளர் மட்டும், தானாகவே 1,800 ரூபாயை வங்கியில் போட்டுவிட்டு ரசீதை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். தம்பி தன் மீதிக் கூலியை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.