"ஒரு மாதிரி" என்றால் என்ன?

"அக்கா, சூப்பர்வைசர் ஒரு மாதிரி நடந்துக்கிறாரு."

கப்பலூரில் ஒரு ஆயத்த ஆடை நிறுவனத்தில் நான் பணியாளர் பிரிவில் இருந்தேன். பெண்கள் தரும் பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழுவிலும் உறுப்பினர். பேக்கிங்கில் வேலை பார்த்த அந்தப் பெண் சொன்னதை அப்படியே எழுதியிருந்தால் புகார் அன்றைக்கே செத்திருக்கும். "ஒரு மாதிரி"க்கு யாரும் எந்த அர்த்தமும் சொல்லிக்கொள்ளலாம்.

என்ன நடந்தது என்று அவள் சொல்லி முடிக்க இரண்டு சாயங்காலம் ஆயிற்று. கம்பெனி வேனில் பசுமலையில் ஏறுகிற அவர், இடம் காலியாக இருந்தாலும் இவள் பக்கத்தில்தான் உட்காருவார். வேன் திரும்பும்போதெல்லாம் புறங்கையால் தொடையை அழுத்துவார். இவள் நகர்ந்தால் அவரும் நகர்வார். தேதி, எந்த சீட், எந்தக் கை, பின்னால் யார் இருந்தார்கள் என்று இவள் சொல்லச் சொல்ல எழுதினோம். அழுத்தினார் என்ற சொல் வந்ததும்தான் அழுதாள்.

"வேன்லதானேக்கா, வேலை நேரம் இல்லையே?" என்றாள். பணியிடப் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில், வேலைக்காக முதலாளி ஏற்பாடு செய்யும் வண்டியும் பணியிடம்தான். தொடர்ந்து நடந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு இன்னொரு மூன்று மாதம் நீட்டலாம்.

மேலாளர், "பேசி முடிச்சிரலாமே" என்றார். சமரசத்தைப் புகார் கொடுத்த பெண்தான் கேட்க வேண்டும், அதிலும் பணப் பேச்சு கூடாது. இவள் கேட்கவில்லை. அப்புறம் இவளை வேறு வேனுக்கு மாற்றலாம் என்றார்கள். "நான் ஏன் மாறணும்?" என்று ஒரே கேள்வி. விசாரணை முடியும்வரை அவரை இடம் மாற்றக் கேட்டு எழுதிக் கொடுத்தாள். குழு பரிந்துரைத்தது, மாற்றினார்கள்.

டவுன் பஸ்ஸில் நடந்தால் வழி வேறு. கண்டக்டரிடம் சத்தமாகச் சொல்ல வேண்டும். புகார் வந்தால் வண்டியை அருகிலுள்ள காவல் நிலையத்துக்கு ஓட்டிப்போவது ஓட்டுநர், நடத்துநரின் கடமை என்று பெண்களைத் துன்புறுத்துவதைத் தடுக்கும் 1998ஆம் ஆண்டுத் தமிழகச் சட்டம் சொல்கிறது. பல கண்டக்டர்களுக்கே இது தெரியாது. கோபத்தில் ஆளில்லாத ஸ்டாப்பில் தொல்லை கொடுத்தவன் பின்னால் மட்டும் இறங்கிவிடக் கூடாது.

இவளை அதிகம் அரித்தது வேறு. "நான் ஏன் கத்தலை?" நானும் கல்லூரி நாளில் திருமங்கலம் பஸ்ஸில் கத்தவில்லை. கம்பியைப் பிடித்த கை மரத்துப்போய் நின்றேன். அது சம்மதமில்லை, பயத்தில் உடம்பு உறைவது என்று எனக்குப் புரியப் பல வருடம் ஆனது. அதை இவளிடம் சொன்னபோதுதான் முதன்முறையாக வாய்விட்டுச் சொன்னேன்.

விசாரணை முடிந்து அவருக்குத் தண்டனையும் வந்தது. தூக்கம் உடனே திரும்பவில்லை. கொஞ்ச நாள் ஒரு தோழியை ஓரத்தில் உட்காரவைத்து, தான் ஜன்னல் பக்கம் போனாள். மடியில் டிபன் பை இருக்கும். பசுமலை ஸ்டாப் வந்தால் இன்னும் வயிறு இறுகுது என்றாள், போன மாதம்கூட.