தூங்கியும் தீராத அசதி

இரவு ஒன்பதுக்குப் படுத்துக் காலை ஏழுக்கு எழுந்தாலும் அடித்துப் போட்டாற்போல் வலிக்கும் உடம்போடுதான் என் பொழுது விடியும். பினாங்கில் நான் பார்த்துவரும் வாதநோய் நிபுணர், உடம்பெங்கும் நாட்பட்ட வலியும் அசதியும் தரும் ஃபைப்ரோமயால்ஜியா என்று உறுதிசெய்த பின்னரும், உடனே தூக்க மருந்து எழுதித் தரவில்லை. குறட்டை உண்டா, மாலையில் கால்களை அசைக்காமல் இருக்க முடியாத தவிப்பு உண்டா என்று முதலில் கேட்டார். தைராய்டும் இரும்புச் சேமிப்பும் இரத்தத்தில் பார்க்கப்பட்டன. மூக்கில் குழாயும் விரலில் கிளிப்பும் மாட்டி ஓர் இரவு வீட்டிலேயே உறங்கி, உறக்கத்தில் மூச்சுத் தடை இல்லை என்பதையும் உறுதிசெய்துகொண்டோம். மூச்சுத் தடை இருந்தாலும் இதே அசதிதான் வரும், ஆனால் அதற்குரிய சிகிச்சை முற்றிலும் வேறு என்பதால் இந்தப் படியைத் தாண்டிச் செல்லக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இந்த நோய் உள்ளவர்களின் ஆழ்ந்த உறக்கத்தில் மூளை எழுப்பும் மெதுவான அலைகளுக்கு நடுவே, விழிப்புக்குரிய ஆல்ஃபா அலைகள் புகுந்துவிடுவதை 1975இல் கனடாவின் ஹார்வி மோல்டாஃப்ஸ்கி குழுவினர் எழுதினார்கள். நலமாக இருந்தவர்களின் ஆழ்ந்த உறக்கத்தை ஒலியால் கலைத்தபோது அவர்களுக்கும் தசை வலி தோன்றியது. எல்லா நோயாளிகளிடமும் இந்த அலைக்கலப்பு தென்படுவதில்லை, நோயில்லாத சிலரிடமும் தென்படுகிறது; ஆகவே இதை வைத்து நோயை உறுதிசெய்ய இயலாது. இருந்தாலும், மணிக்கணக்கில் படுத்திருந்தும் களைப்பு ஏன் போகவில்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

படுத்த நேரம், விழித்த நேரம் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதிவந்ததில், பத்து மணி நேரப் படுக்கையில் நான் உறங்கியது ஏறக்குறைய ஆறரை மணி நேரம்தான் என்று தெரிந்தது. மருத்துவர் சொன்னபடி, வார இறுதியானாலும் காலை ஆறுக்கு எழுவதை மாற்றாமல், படுக்கும் நேரத்தைச் சிறிது சிறிதாகப் பதினொன்றுக்குத் தள்ளினேன். தொடக்கத்தில் பகலில் கண் சொக்கியதால் கார் ஓட்டுவதைத் தவிர்த்தேன். வலிப்பு நோயோ இருமுனை மனநோயோ உள்ளவர்கள் தாமாக இதைச் செய்யக் கூடாது. உழைப்புக்குப் பின் நாட்கணக்கில் நிலை மோசமாகும் நாட்பட்ட சோர்வு நோயாளிகளும் படுக்கை நேரத்தை இப்படிக் குறைக்கும் முன் மருத்துவரிடம் பேசிக்கொள்ள வேண்டும்.

குறைந்த அளவில் வலிக்கும் உறக்கத்துக்கும் தரப்படும் மனச்சோர்வு மருந்தான அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் பின்னர்தான் வந்தது. படுக்கும் வேளையில் விழுங்கியபோது காலையில் தலை கனத்தது. மருத்துவரைக் கேட்டு இரவு எட்டரைக்கு மாற்றியதும் அது குறைந்தது, வாய் வறட்சி மட்டும் நீடிக்கிறது. இதயத் துடிப்புக் கோளாறு, கண் அழுத்த நோய், வேறு மனச்சோர்வு மருந்து எதுவாயினும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இப்போது இரவில் விழிப்பது குறைந்திருக்கிறது. காலை விறைப்பு வெந்நீரில் குளித்த பின் தளர்கிறது. வலி முழுமையாகப் போகவில்லை. வீட்டு விசேஷத்தில் நாள் முழுதும் நின்றுவிட்டால் அன்றிரவு உறக்கம் மறுபடி கலைகிறது, அதனால் இடையிடையே உட்கார ஒரு நாற்காலியை முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்கிறேன்.