உடைந்த ஊசி

ஜூன் 3
பனியன் ஃபேக்டரியில் தரம் பார்க்கிற வேலையை விட்டு உணவுத் தொழிலில் வேலை தேடினால் எத்தனை நாள் தாங்கும் என்று பணிக்கொடைக் கணக்கு போட்டேன். அடிப்படைச் சம்பளம் 26,000. அதை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் 15,000. பதினாறு வருஷத்துக்கு 2,40,000. பேங்கில் 4,10,000. ஆக ஆறரை லட்சம். மாதச் செலவு 40,000 என்றால் பதினாறு மாதம் ஓட்டலாம். ரொம்ப நாளைக்குப் பிறகு நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

ஜூன் 4
ஓட்ட முடியாது. கணக்கைப் பார்த்ததும் செல்வி, "ஸ்கூல் ஃபீஸ் எங்கீங்க?" என்றாள். வருஷத்துக்கு ஒருமுறை வருகிற எதையும் நான் சேர்க்கவில்லை. ஃபீஸ், வீட்டு வரி, வண்டி இன்சூரன்ஸ், தீபாவளி, குலதெய்வக் கோயில் எல்லாம் சேர்த்து 1,44,000. மாதத்துக்கு 12,000. அப்படியென்றால் செலவு 52,000, கையிருப்பு பன்னிரண்டரை மாதத்துக்குத்தான்.

ஜூன் 6
தூக்கமில்லை.

ஜூன் 8
நண்பரின் மசாலாத்தூள் கம்பெனிக்குப் போனேன். இதுவரை கால் வைக்காத தொழில், வாசலிலேயே தும்மல். பேக்கிங் முடிகிற இடத்தில் மெட்டல் டிடெக்டர். மணிக்கொரு முறை இரும்பு, இரும்பல்லாத உலோகம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என மூன்று சோதனைத் துண்டுகளை ஓட்டி, மெஷின் நிற்கிறதா என்று நோட்டில் எழுத வேண்டும். நோட்டைப் புரட்டினேன். அப்போது மணி மூன்றேகால். நாலு மணிக் கட்டத்திலும் டிக் இருந்தது, அதே பேனா, அதே சாய்வு.

எங்கள் ஃபேக்டரியில் ஊசி உடைந்தால் துண்டுகளைத் தேடி எடுத்து ரிஜிஸ்டரில் ஒட்ட வேண்டும். ஒரு துண்டு குறைந்தாலும் அந்தப் பீஸ் வெளியே போகாது. அந்த ரிஜிஸ்டரைப் பதினாறு வருஷம் பார்த்த கண்தான் இதையும் பிடித்தது. பயோடேட்டாவில் துணியைப் பற்றி எழுதியிருந்த பாதியை ராத்திரியே அடித்துவிட்டு இதை எழுதினேன்.

ஜூன் 10
ஆனால் எனக்குத் தெரிந்த எல்லாமே அங்கே செல்லுபடியாகாது. பனியனில் 2,000 பீஸ் லாட்டில் 125 எடுத்துப் பார்ப்போம். மேஜர் குறை ஏழு வரை பாஸ், எட்டானால் ரிஜெக்ட். கிருமிக்கு அந்தக் கணக்கு உதவாது. கண்ணுக்குத் தெரியாது, ஒரே மூட்டையில் ஒரு மூலையில் மட்டும் இருக்கலாம். கடைசியில் சோதித்துப் பிடிக்க முடியாது, வறுக்கும் சூட்டிலும் உலர்த்தும் ஈரப்பதத்திலும் முன்னாடியே தடுக்க வேண்டும். இதைப் படித்தே ஆக வேண்டும். இப்படி உணவில் ஆபத்தை முன்கூட்டியே தடுக்கிற முறைக்கு ஹாசப் என்று பெயர், அந்த வகுப்புக்கு 30,000.

ஜூன் 11
சர்க்கரை மாத்திரை வாங்கும்போது உறைத்தது. கம்பெனி மருத்துவக் காப்பீடு வேலையை விடுகிற அன்றே முடிந்துவிடும். புதுப் பாலிசியில் ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு மூன்று வருஷம் வரை காத்திருப்பு. இன்றே விண்ணப்பித்தேன், ராஜினாமாவுக்கு முன்பே அந்தக் கடிகாரம் ஓட ஆரம்பிக்கட்டும். பிரீமியம் 24,000, மாதத்துக்கு 2,000.

வகுப்புப் பணம் போக 6,20,000. மாதம் 54,000. பதினொன்றரை மாதம்.

ஜூன் 14
பதினொன்றரையையும் தேடிக் கழிக்கக் கூடாது என்கிறாள் செல்வி. சரிதான். ஏழாவது மாதம் முடிவதற்குள் ஆஃபர் வரவில்லை என்றால் பனியன் கம்பெனிகளில் திரும்பக் கேட்க ஆரம்பிக்க வேண்டும். அந்த வேலை கிடைத்து முதல் சம்பளம் வர மீதி நாலரை மாதம். அந்தத் தேதியைக் காலண்டரில் அவளே வட்டமிட்டாள்.

ஜூன் 17
நண்பர் கூப்பிட்டார். நாலு மணி டிக் போட்ட பையனை என்ன செய்வது என்று கேட்கிறார். திட்ட வேண்டாம், அந்த நேரத்தில் அவனுக்கு வேறென்ன வேலை கொடுத்திருக்கிறீர்கள் என்று முதலில் பாருங்கள் என்றேன். ஞாயிற்றுக்கிழமை திரும்ப வரச் சொல்லியிருக்கிறார்.