80 மீட்டர் தள்ளி போர்வெல்: கேபிள் அளவை மாற்றிய கதை

வீட்டு மெயின் போர்டிலிருந்து போர்வெல் பக்கத்து பேனல் வரை 80 மீட்டர். அங்கிருந்து கீழே மோட்டார் வரை இன்னொரு 60. ஒன்றரை எச்.பி. சிங்கிள் ஃபேஸ் மோட்டார், முழுக்க 2.5 சதுர மி.மீ. காப்பர் கேபிள். பகலில் ஒழுங்காக ஓடும். மாலையில் சப்ளை இறங்கினால் உறுமிவிட்டு ட்ரிப் ஆகிவிடும். கெப்பாசிட்டரை மாற்றிப் பார்த்தும் அதே கதை.

“2.5 கேபிள் 20 ஆம்பியர் தாங்கும், உங்கள் மோட்டார் இழுப்பது பத்துதான்” என்றார் எலக்ட்ரீஷியன். உண்மைதான். ஆனால் அந்தக் கணக்கு கேபிள் சூடாகாமல் இருப்பதற்கு. தூரம் அதில் வரவே இல்லை.

அதனால் மோட்டார் ஓடும்போதே இரண்டு முனையிலும் அளந்தோம். வீட்டில் 224 வோல்ட், போர் பேனலில் 206. இழப்பு 18. ஆனால் 2.5 காப்பருக்குக் கிலோமீட்டருக்கு சுமார் 7.4 ஓம். போக வர 160 மீட்டருக்கு 1.18 ஓம், பத்து ஆம்பியருக்கு 12 வோல்ட்தான் போக வேண்டும். மீதி 6 வோல்ட் எங்கே? நடுவில் டேப் சுற்றிய ஒரு ஜாயிண்ட் இருந்தது. எம்.சி.பி.யை இறக்கிவிட்டுப் பிரித்தால் கறுத்துப் போயிருந்தது. அந்த ஒரு இடத்திலேயே 60 வாட் சூடு! கேபிளைக் குறை சொல்லும் முன் இந்த ஒப்பீட்டைச் செய்துவிடுவது நல்லது.

ஜாயிண்டைச் சரிசெய்த பிறகும் மேலே 12, கீழே 9, ஆக 21 வோல்ட் போகிறது. 230-இல் ஒன்பது சதவீதம். ஓடுவதைவிட ஸ்டார்ட் ஆவதுதான் பெரிய சிக்கல். அப்போது மும்மடங்கு கரண்ட் என்று வைத்தாலே 60 வோல்ட் போய்விடும். மோட்டாரின் முறுக்குவிசை வோல்டேஜின் இருமடிக்கு ஏற்பக் குறைவதால், பாதி பலத்தில்தான் அது கிளம்பப் பார்க்கிறது.

ஐந்து சதவீதம், அதாவது 11.5 வோல்ட், என்று எல்லை வைத்துக்கொண்டோம். மோட்டாரைத் தூக்காமல் மாற்ற முடிந்தது மேலே உள்ள 80 மீட்டரை மட்டும். அதற்கு 6 சதுர மி.மீ. போட்டால் அங்கே இழப்பு 5 வோல்ட், மொத்தம் 14. எல்லைக்குள் வரவில்லை, ஆனால் கிளம்பும் பலம் மூன்றில் இரண்டு பங்காகிறது. அலுமினியம் என்றால் அதே மின்தடைக்கு 10 சதுர மி.மீ. வேண்டும், விலை குறைவு, ஆனால் காப்பரோடு நேராக முறுக்கி இணைக்கக் கூடாது, அதற்கான லக் தேவை. ஜாயிண்டில் ஏற்கெனவே பட்டதால் காப்பரையே எடுத்தேன். பழைய டெர்மினலில் 6 நுழையவில்லை, அதையும் மாற்ற வேண்டியிருந்தது.

இப்போது மாலையிலும் கிளம்புகிறது. அடுத்த முறை மோட்டாரை மேலே எடுக்கும்போது கீழ்க் கேபிளை 4 ஆக்கிவிட்டால் மொத்த இழப்பு 10.5 வோல்ட்டுக்குள் வந்துவிடும்.