அம்மாவுக்கு டயாலிசிஸ், எனக்கு வேலை: நான் பாத்த கணக்கு

பாலக்காடு மாவட்டத்துல கொழிஞ்சாம்பாறை பக்கம் எங்க வீடு. அம்மாவுக்கு செவ்வாயும் வெள்ளியும் காலைல டயாலிசிஸ், மெஷின்ல மட்டும் நாலு மணி நேரம், போறது வர்றது எல்லாம் சேத்தா மதியம் ஆயிடும். அப்பாவுக்கு கண்ணு சரியா தெரியாது, அதனால கூட்டிட்டுப் போக நான்தான். அக்கவுண்ட்ஸ் வேலை தெரியும், டாலி, ஜிஎஸ்டி ரிட்டர்ன் எல்லாம் பண்ணுவேன். வேலை கிடைக்கிறது கஷ்டமா இல்ல, இந்த ரெண்டு காலைய விட்டுத் தர்ற இடம்தான் கிடைக்கல.

முதல்ல எல்லா இடத்துலயும் "வருஷத்துக்கு எத்தன நாள் லீவு"ன்னுதான் கேட்டுட்டு இருந்தேன். அப்புறம் உக்காந்து கணக்குப் போட்டேன். வாரத்துக்கு ரெண்டு அரை நாள்னா வருஷத்துக்கு 104 அரை நாள், அதாவது 52 முழு நாள். கேரளா கடைகள் சட்டத்துல வருஷ லீவு 12, கேஷுவல் 12, சிக் லீவு 12, எல்லாம் சேத்தாலும் 36தான், அதுலயும் சிக் லீவு நமக்கு உடம்பு சரியில்லன்னாதான். பெத்தவங்களப் பாத்துக்கறதுக்குன்னு தனியா ஒரு லீவு அதுல கிடையாது. அப்பதான் தெளிவாச்சு, முன்கூட்டியே தெரிஞ்ச நாளுக்கு லீவு கேக்கக் கூடாது, நேரத்த மாத்திக் கேக்கணும், லீவ ராத்திரி திடீர்னு மூச்சு வாங்குற மாதிரி நாளுக்கு பத்திரமா வெச்சுக்கணும்.

கையில ரெண்டு ஆஃபர் இருந்துச்சு. கோயம்புத்தூர்ல 22,000, ஆனா வேலந்தாவளம் வழியா பஸ்ல ஒன்றரை மணி நேரம், டயாலிசிஸ் சென்டர்ல இருந்து ஃபோன் வந்தா ஓடி வர முடியாது. கஞ்சிக்கோட்டுல ஒரு கம்பெனி ஆபீஸ், 18,500, ஸ்கூட்டில அரை மணி நேரம். வெளிய பாத்தா 3,500 நஷ்டம், ஆனா இஎஸ்ஐ மருத்துவத் திட்டத்துக்கு சம்பள வரம்பு 21,000, கோயம்புத்தூர் போனா அது கிடையாது. இங்க மாசம் 139 ரூபா பிடிப்பாங்க, நம்மள நம்பி இருக்கற அப்பா அம்மாவுக்கும் சிகிச்சை கிடைக்கும், அவங்க வருமானம் மாசம் 9,000க்குள்ள இருக்கணும். பெரிய சிகிச்சைக்கு நாம கொஞ்ச காலம் வேலை செஞ்சிருக்கணும்னு கண்டிஷன் உண்டு, அதனால சேந்த உடனே அம்மாவோட டயாலிசிஸ் செலவு நின்னுடும்னு நான் கணக்குல எடுத்துக்கல.

இன்டர்வியூல மேனேஜர் மேடம் கிட்ட நேராவே சொன்னேன்.

"மேடம், செவ்வாய் வெள்ளி மட்டும் மதியம் ரெண்டு மணிக்கு வர்றேன், மத்த நாள்ல ரெண்டு மணி நேரம் கூடுதலா இருந்து ஈடு பண்ணிடறேன்."

"ரிட்டர்ன் சமயத்துல என்னம்மா பண்ணுவ?"

அந்தக் கேள்விக்கு ரெடியாதான் போயிருந்தேன். மாசாமாசம் ரெண்டு ஜிஎஸ்டி ரிட்டர்னுக்கு கடைசி தேதி வரும், 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர் ஒன்னு, 20ஆம் தேதி த்ரீபி. அந்தத் தேதி செவ்வாய் வெள்ளில விழுந்தா சித்தி அம்மாவ கூட்டிட்டுப் போவாங்க, ஏற்கனவே சித்தி கிட்ட பேசிட்டேன்னு சொன்னேன். அதுக்கப்புறம்தான் மேடம் முகம் தெளிஞ்சுச்சு.

வாய்வார்த்தையோட விடல, அப்பாயின்ட்மென்ட் லெட்டர்ல நேரத்த எழுதித் தரச் சொல்லி கேட்டேன், ஏன்னா மேனேஜர் மாறினா அந்தப் பேச்சுக்கு சாட்சி இருக்காது. தனி பாராவா போட்டுக் குடுத்தாங்க, அத வாங்கினப்புறம்தான் கோயம்புத்தூர்க்கு வரலன்னு ஃபோன் பண்ணேன்.