கன்னியாகுமரிப் படத்துக்கு வானம் திரும்பிய கதை

நான் நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவன். 1987-இல் குடும்பத்தோடு கன்னியாகுமரி போனபோது எடுத்த படம் ஒன்று வீட்டில் இருக்கிறது. கரையில் மனைவியும் மகனும், பின்னால் விவேகானந்தர் பாறை. வள்ளுவர் சிலை 2000-இல்தான் வந்தது என்பதால் கடல் வெறுமையாகத் தெரியும். வானமோ வெளுத்து, செம்மை படிந்து கிடந்தது.

பேத்தி படத்தை ஸ்கேன் செய்து, கணினியில் ஜிம்ப் மென்பொருளைப் போட்டுக் கொடுத்தாள். முதல் நாள் வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தேன். இருந்த கொஞ்சம் நிறமும் போய்விட்டது. "தாத்தா, வானம் பளிச்சுன்னு தெரியணும்னா அதைக் கொஞ்சம் இருட்டாக்கணும்" என்றாள்.

அப்புறம்தான் அளக்க ஆரம்பித்தேன். நிறம் எடுக்கும் கருவியை வானத்தில் வைத்தால் சிவப்பு 236, பச்சை 226, நீலம் 224 என்று காட்டியது. மூன்றும் 255 என்றால் அங்கே ஒன்றுமே பதிவாகவில்லை என்று பொருள். இங்கே ஏதோ மிச்சமிருந்தது. பழைய பிரிண்டில் நீலப்பச்சைச் சாயம் மங்கிவிட்டால் சிவப்பு தூக்கலாகத் தெரியும். Curves-இல் சிவப்பைத் தணித்து நீலத்தைச் சற்று ஏற்றினேன். 214, 226, 236 வந்தது. முகங்களும் இயல்பான நிறத்துக்கு வந்தன.

அடுத்து, படத்தின் நகல் ஒன்றை மேலே வைத்து Multiply என்று மாற்றினேன். இரண்டு எண்களையும் பெருக்கி 255-ஆல் வகுப்பதுதான் அது. 214 என்பது 180 ஆனது, 236 என்பது 218 ஆனது. வெளிர்நீலம் வந்துவிட்டது! வலது மூலையில் 255 இருந்த இடம் மட்டும் வெள்ளையாகவே நின்றது. அதை மேகமாக விட்டுவிட்டேன்.

ஆனால் முகங்களும் சேர்ந்து இருண்டுவிட்டன. அதற்கு Add Layer Mask. புலப்படத்தின் மேல் டிரேசிங் தாள் விரிப்பது போலத்தான். வெள்ளை பூசிய இடத்தில் மேல் நகல் தெரியும், கறுப்பு பூசிய இடத்தில் மறையும். மேலே வெள்ளையில் தொடங்கி அடிவானத்தில் கறுப்பாக முடியும்படி, நிறத்தைப் படிப்படியாக மாற்றும் Gradient கருவியை இழுத்தேன். உண்மை வானமும் உச்சியில் அடர்ந்து, கீழே வெளிறித்தானே இருக்கும்.

மகனின் தலையும் மண்டபத்தின் கோபுரமும் அடிவானத்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றின் மேல் கறுப்புத் தூரிகையை ஓட்டியதும் முடியைச் சுற்றி வெள்ளைக் கோடு விழுந்தது. அழித்துவிட்டு, விளிம்பு மென்மையான தூரிகையில் அடர்த்தியை 20-க்குக் குறைத்து, நாலைந்து முறை மெல்லத் தடவினேன். அதற்கே ஒரு மாலை முழுதும் ஆனது.

மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். உற்றுப் பார்த்தாள்.

"அன்னைக்கு மூட்டமால்லங்க இருந்துச்சு? இவ்வளவு நீலம் இல்லியே."

மணலைப் பார்த்தேன். இருவரின் காலடியிலும் நிழல் மங்கலாகத்தான் இருந்தது. மேல் நகலின் அடர்த்தியை 60-க்கு இறக்கினேன்.

"ம், இதான்" என்றாள்.